உச்சத்தை எங்கே வைப்பது? ஒரே கவிதை, மூன்று அமைப்புகள்

சோகக் கவிதை எழுதுகிறவர்களுக்கு வரும் பெரிய சிக்கல், எல்லா வரியும் ஒரே உரத்த குரலில் இருப்பதுதான். துயரம் உண்மையாகவே இருக்கும். வார்த்தைகளும் பொய்யாக இருக்காது. ஆனால் நாலாவது வரிக்குள் அந்தக் குரல் படிப்பவருக்குப் பழகிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு கத்தினாலும் காதில் ஏறாது. நேர் ரோட்டில் ஒரே வேகத்தில் போகும் பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு வேகம் தெரிவதில்லை, கொண்டை ஊசி வளைவில்தான் தெரிகிறது. கவிதையிலும் அழுத்தம் ஏறுவதும் தணிவதும்தான் உணரப்படும்.

சரி, ஏற்றி இறக்க வேண்டும் என்று முடிவெடுத்தாயிற்று. உச்சத்தை எங்கே வைப்பது? கடைசி வரியிலா, முதல் வரியிலா, அல்லது முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் வைத்துவிட்டு அப்புறம் தணிய விடுவதா? பொதுவாகப் பேசினால் மூன்றும் நன்றாகத்தான் தெரியும். அதனால் ஒரே கவிதையை மூன்று விதமாகவும் அடுக்கிப் பார்க்கலாம்.

கோத்தகிரிப் பக்கம் பள்ளியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி தன் அம்மாயியைப் பற்றி எழுதிக் கொண்டுவந்த கவிதை இது. அவருடைய சம்மதத்தோடுதான் இங்கே பிரித்துப் பார்க்கிறேன். நீலகிரியில் இருப்பவர்களுக்குப் பின்னணி தெரிந்திருக்கும். 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து இங்கே அனுப்பப்பட்ட தமிழ்க் குடும்பங்களில் பல, தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, கடைசியில் கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தன. தம்பியின் அம்மாயியும் அப்படி வந்தவர்தான். இங்கேயும் கொழுந்து பறித்தார், இங்கேயும் லயத்து வீடு. வேலையில் இருக்கும்வரைதான் அந்த வீடு. ஓய்வு பெற்றதும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

அவர் முதலில் எழுதியது இப்படி இருந்தது:

கண்ணீரில் கரைந்ததே உன் காலம், அம்மாயி!
ரத்தத்தை உறிஞ்சிய தோட்டமே, கேள்!
இதயம் வெடிக்க வீட்டைப் பூட்டினாள்.
நெஞ்சைப் பிளக்கும் மௌனம் லயம் முழுக்க.
கடல் தாண்டி வந்தும் தீராத வலி.
முப்பது வருஷ வேர்வையும் வீணா?
அநீதியின் கொடுங்கரம் அவள் கழுத்தில்.
அழுகிறது தேயிலை, அழுகிறது பனி.
எங்கே போவாள் இந்த அனாதைக் கிழவி?

இதில் எந்த வரியும் சோம்பலாக எழுதப்பட்டதில்லை. அவர் கோபம் நியாயமானது. ஆனால் ஒரு சோதனை செய்து பாருங்கள். மூன்றாவது வரியை எடுத்து எட்டாவதாகப் போடுங்கள், ஏழாவதை முதலில் கொண்டுவாருங்கள். கவிதை கொஞ்சமும் மாறாது. வரிகளை இடம் மாற்றினாலும் ஒன்றும் கெடவில்லை என்றால் அங்கே ஏற்ற இறக்கம் இல்லை என்று அர்த்தம். இன்னொரு சோதனையும் உண்டு. ஒவ்வொரு வரிக்கும் எதிரே அதன் அழுத்தத்துக்கு 1 முதல் 5 வரை ஒரு எண் போட்டுப் பாருங்கள். இந்த வரைவில் நான் போட்டபோது பெரும்பாலும் 5 வந்தது. ஆறாவது வரிக்கும் எட்டாவது வரிக்கும் மட்டும் 4. ‘வெடிக்க’, ‘பிளக்கும்’ மாதிரி மொழியில் உள்ள கடைசி வார்த்தைகளை முதல் நாலு வரிக்குள்ளேயே செலவழித்துவிட்டால், வீட்டைப் பூட்டும் இடத்துக்கு வரும்போது கையில் ஒன்றும் மிச்சமிருக்காது.

இதே இடத்தில் பலபேர் செய்யும் தவறான வைத்தியம் ஒன்று இருக்கிறது. உச்சமாக நினைக்கும் வரியை இன்னும் பலமாக்கப் பார்ப்பார்கள். அது பலிக்காது. மற்ற வரிகளைத் தாழ்த்தினால்தான் அந்த வரி உயரும். தாழ்த்துவதற்கு உணர்ச்சி இல்லாத பொருள் வேண்டும், அதாவது நடந்த காரியம் வேண்டும். அதனால் தம்பியிடம், “அன்னைக்கு அம்மாயி என்னென்ன பண்ணாங்க, வரிசையாச் சொல்லுங்க தம்பி” என்று கேட்டேன். “பெரிசா ஒண்ணும் பண்ணலையேக்கா, எப்பவும் போலத்தான் இருந்தாங்க” என்று ஆரம்பித்தவர், அப்புறம் சொல்லச் சொல்ல நிறைய வந்தது. விடியற்காலையில் பாத்திரத்தை மூட்டை கட்டியது. அடுப்புச் சாம்பலை வழித்து வாசல் ரோஜாச் செடிக்குப் போட்டது. பெட்டியின் அடியில் பழைய பாஸ்போர்ட். கதவு நிலையில் பிள்ளைகளின் உயரத்தை ஆணியால் கீறி வைத்த கோடுகள். சாவியை வாங்க வந்தவரிடம், “அப்ப இதுவும் நம்ம வீடு இல்லயா?” என்று கேட்டது. லாரியில் ஏறிய பிறகு தண்ணி டிரம்மை மூடினோமா என்று விசாரித்தது.

எல்லாம் அவரிடமே இருந்தது. ஆனால் ஒன்றுகூட வரைவில் இல்லை. இனி இந்தச் சரக்கை வைத்துக்கொண்டு மூன்று அமைப்பையும் பார்க்கலாம். உச்சம் எது என்பதில் எங்கள் இருவருக்கும் சந்தேகமே வரவில்லை. அந்தக் கேள்விதான். ஒரு வீடு கடலுக்கு அந்தப் பக்கம் போயிற்று, இதுவும் போகிறது என்ற மொத்தக் கதையும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

முதல் வழி, கேள்வியைக் கடைசியில் வைப்பது. பாத்திரம், சாம்பல், பாஸ்போர்ட், கோடுகள், பூட்டு, சாவி என்று சின்னச் சின்னதாக ஏறிக்கொண்டே வந்து, கேள்வியோடு கவிதை நின்றுவிடும். நம் மரபில் இதற்குப் பெரிய சாட்சி பாரி மகளிர் பாடிய புறநானூற்றுப் பாட்டு. போன மாத நிலவில் தந்தையும் இருந்தார், குன்றும் நம் கையில் இருந்தது என்று தொடங்கும் பாட்டு இப்படி முடிகிறது:

வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார், யாம் எந்தையும் இலமே.

மொத்தமே ஐந்து அடி. அழுகை, கண்ணீர், துயரம் என்று ஒரு சொல் கிடையாது. முன்பாதியில் தந்தை முதலில், குன்று பிறகு. பின்பாதியில் வரிசை புரண்டு குன்று முதலில் போகிறது, தந்தை இல்லை என்பது கடைசிச் சொல்லாக வருகிறது. உச்சத்தில் பாட்டு நின்றுவிடுகிறது, தணிவு என்று தனியாக ஒன்றும் இல்லை. ஆனாலும் மூச்சுத் திணறவில்லை. காரணம், அந்தக் கடைசிச் செய்தியைச் சொல்லும் குரல் முதல் அடியின் குரலைவிடக் கொஞ்சமும் உயரவில்லை. செய்தியின் கனம் ஏறுகிறது, குரல் ஏறவில்லை. கடைசி வரியில் உச்சம் வைக்க நினைப்பவர்கள் இதைத்தான் கவனிக்க வேண்டும்.

நம் கவிதையில் இந்த அமைப்பைப் போட்டுப் படித்தபோது ஒரு பிரச்சினை வந்தது. அம்மாயி கேட்பது கேள்வி. கேள்வியோடு முடிகிற கவிதை படிப்பவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறது, ‘நீ பதில் சொல்’ என்று அவரை நிறுத்துகிறது. அப்படி நிறுத்த வேண்டிய கவிதைகள் இருக்கின்றன. இங்கே அது அம்மாயியை விட்டு விலகி வழக்கு மன்றத்துக்குப் போன மாதிரி ஆகிவிட்டது. அதோடு, வீடு போகப் போகிறது என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிறது. பாத்திரத்தை மூட்டை கட்டுகிறார்கள் என்றால் வேறென்ன? முடிவு தெரிந்த கதையை முடிவை நோக்கி மட்டுமே ஏற்றினால், படிப்பவர் உச்சத்துக்கு முன்னாலேயே அங்கே போய்க் காத்திருப்பார். பாரி மகளிர் பாட்டில் முதல் இரண்டடியில் அவர்களிடம் என்ன இருந்தது என்று மட்டும்தான் தெரியும். எது போயிற்று, எந்த வரிசையில் போயிற்று என்பதைப் பாட்டு கடைசிவரை தன் கையில் வைத்திருக்கிறது.

இரண்டாவது வழி, கேள்வியை முதலில் வைத்துவிட்டு அங்கிருந்து இறங்குவது. இதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது குறுந்தொகையின் மூன்றாவது பாட்டு. பழனி மலையிலும் நீலகிரியிலும் 12 வருஷத்துக்கு ஒருமுறை சரிவு முழுக்க நீலமாகும் அந்தக் குறிஞ்சிதான் இதில் வருகிறது:

நிலத்தினும் பெரிதே; வானினும் உயர்ந்தன்று;
நீரினும் ஆரளவு இன்றே; சாரல்
கருங்கோல் குறிஞ்சிப் பூக்கொண்டு
பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே.

முதல் ஒன்றரை அடியிலேயே நிலம், வானம், கடல் எல்லாம் தீர்ந்துவிட்டன. இதற்கு மேல் ஏற இடம் கிடையாது. அப்புறம் பாட்டு சாரலில் இறங்கி, கரிய தண்டில் பூத்த ஒரு பூவுக்கும் அதன் தேனுக்கும் வந்துவிடுகிறது. பெரியதிலிருந்து மிகச் சிறியதற்கு வருகிற இந்த இறக்கம்தான் இதன் தணிவு. ஆனால் உச்சத்தில் தொடங்கிய பாட்டு சப்பென்று ஆகாமல் இருப்பதற்கு இரண்டு காரணம் உண்டு. ஒன்று, எது பெரியது, எது உயர்ந்தது என்பதைப் பாட்டு சொல்லவே இல்லை, கடைசிச் சொல்லான ‘நட்பே’ வரும்வரை எழுவாய் வருவதில்லை. இரண்டாவது, யாப்பு செய்கிற வேலை. நேரிசை ஆசிரியப்பாவில் கடைசிக்கு முந்தின அடி மூன்றே சீர். மற்ற அடிகள் நாலு சீரில் நடக்க, ‘கருங்கோல் குறிஞ்சிப் பூக்கொண்டு’ என்ற இடத்தில் ஒரு சீர் குறைந்து நடை ஒரு கணம் தயங்குகிறது, அப்புறம் கடைசி அடி முழுதாக வருகிறது. மேலே காட்டிய புறநானூற்றுப் பாட்டிலும் ‘வென்றெறி முரசின் வேந்தர்எம்’ மூன்று சீர்தான். முடிவுக்கு முன்னால் ஒரு மூச்சு விடுவது நம் பாவிலேயே விதியாக இருக்கிறது. புதுக்கவிதை எழுதும்போது அந்த விதி நம்மை விட்டுப் போய்விட்டதால், அந்த மூச்சை நாமாகத்தான் வைக்க வேண்டியிருக்கிறது.

நம் கவிதையை இப்படித் தொடங்கிப் பார்த்தோம்:

“அப்ப இதுவும் நம்ம வீடு இல்லயா?”
சாவி வாங்கியவர் பதில் சொல்லவில்லை.
பனி விலகுமுன் கட்டிய பாத்திரம்
லாரியில் இருந்தது.

ஆரம்பம் பிடித்து இழுக்கிறது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கேள்வியின் கனம் முழுவதும் அதற்கு முன்னால் நடந்தவற்றில் இருக்கிறது. கப்பலும் பாஸ்போர்ட்டும் தெரியாதவருக்கு ‘இதுவும்’ என்பது வெறும் ஒரு சொல். அதை விளக்கப் பின்னால் வரும் வரிகள் எல்லாம் விளக்கவுரையாக மாறிவிடுகின்றன. குறுந்தொகைப் பாட்டில் முதல் வரிக்கு முன்கதை தேவையில்லை, நிலம் பெரியது என்பது எல்லோருக்கும் தெரியும். உச்ச வரி தன்னந்தனியாக நின்று புரிந்தால்தான் இந்த வழி. புரிந்துகொள்ள முன்கதை வேண்டுமென்றால் இதை விட்டுவிடலாம். தம்பிக்கு இந்த அமைப்புதான் முதலில் பிடித்திருந்தது. இலங்கைக் கதை தெரியாத ஒருவருக்குப் படித்துக் காட்டச் சொன்னேன். அவர், “எந்த வீடு?” என்று கேட்டாராம். அதோடு அந்த வழி முடிந்தது.

மூன்றாவது வழி, முக்கால் பங்கு தாண்டியதும் உச்சத்தை வைத்து, அப்புறம் கொஞ்சமே கொஞ்சம் தணிய விடுவது. நாங்கள் எடுத்துக்கொண்டது இதைத்தான். கவிதை இப்போது இருக்கும் வடிவம்:

பனி விலகுமுன் பாத்திரம் கட்டினாள்.
அடுப்பு வழித்துச் சாம்பலை
ரோஜாச் செடிக்குப் போட்டாள்.

டிரங்குப் பெட்டிக்கு அடியில்
கப்பலேறி வந்த நாளின் பாஸ்போர்ட்.
படத்தில் அவள் இடுப்பில் என் அம்மா.
பார்க்காமலே மடித்து வைத்தாள்.

கதவு நிலையில் ஆணியால் கீறிய கோடுகள்,
அம்மாவுக்கு மூன்று, மாமாவுக்கு நாலு, எனக்கு ஒன்று,
ஒவ்வொன்றாய்த் தொட்டு, தொட்டதைத் துடைத்து,
துடைத்த கையாலே கதவை இழுத்து,
பூட்டைத் திருகி, பூட்டியதை இழுத்துப் பார்த்து,
சாவியை நீட்டி, நீட்டிய கையை எடுக்காமல்,

“அப்ப இதுவும் நம்ம வீடு இல்லயா?”

லாரி கிளம்பியது.
வளைவு தாண்டுமுன் கேட்டாள்,
தண்ணி டிரம்மை மூடினோமா என்று.

மொத்தம் 17 வரி. கேள்வி 14-வது. இதற்கும் எண் போட்டுப் பார்த்தோம். முதல் மூன்று வரிக்கும் 1. பாஸ்போர்ட் வரும்போது 3-க்கு ஏறி, ‘பார்க்காமலே மடித்து வைத்தாள்’ என்ற இடத்தில் மறுபடி 1-க்கு இறங்குகிறது. இந்த இறக்கம் முக்கியம். நான் வற்புறுத்தியதும் இதைத்தான். தம்பி அங்கே ‘விரலால் தடவிப் பார்த்தாள்’ என்று எழுதியிருந்தார். தடவினால் அங்கேயே பாதி அழுகை கழிந்துவிடும். பார்க்காமல் மடித்தால், கழியாமல் அடியில் தங்கிவிடும். அப்படித் தங்கியதுதான் கேள்வி வரும்போது மேலே வருகிறது. உச்சத்துக்கு முன்னால் சின்னதாக ஒருமுறை ஏறி, உணர்ச்சியைக் கொட்டவிடாமல் இறங்கிவிட வேண்டும்.

மூன்றாவது பத்தியில் ஏற்றம் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். அங்கே ஒரு உணர்ச்சிச் சொல்கூடக் கிடையாது, வாக்கிய அமைப்புதான் ஏற்றுகிறது. முதல் பத்தியில் ‘கட்டினாள்’, ‘போட்டாள்’ என்று வினைமுற்றுகள் வருகின்றன. ஒவ்வொரு முற்றிலும் படிப்பவர் மூச்சு விட்டுக்கொள்கிறார். மூன்றாவது பத்தியில் தொட்டு, துடைத்து, இழுத்து, திருகி, பார்த்து, நீட்டி, எடுக்காமல் என்று வரிசையாக எச்சங்கள்தான், முற்று இல்லை. தமிழில் வினைமுற்று வரும்வரை வாக்கியம் முடியாது என்பது கேட்பவர் காதுக்குத் தெரியும். எச்சத்துக்கு மேல் எச்சம் அடுக்கினால் முற்றுக்கான ஏக்கம் கூடிக்கொண்டே போகும். இங்கே முற்று வருவதே இல்லை, வர வேண்டிய இடத்தில் கேள்வி வருகிறது. ‘கேட்டாள்’ என்று ஒரு சொல் சேர்த்தால் இலக்கணம் நிறைவாகும், அழுத்தம் அங்கேயே ஒழுகிவிடும். கேட்டாள் என்ற முற்று இரண்டு வரி தள்ளி, டிரம்மைப் பற்றி விசாரிக்கும்போதுதான் வருகிறது. அங்கே காது நிம்மதி அடைகிறது.

தொட்டு, தொட்டதை, துடைத்து, துடைத்த என்று முந்தின சொல்லைப் பிடித்துக்கொண்டே நகர்வதும் அதே வேலையைச் செய்கிறது. ட்ட, த்த என்று வல்லினம் இரட்டித்து வருவதால் நடை இறுகுகிறது. கேள்விக்குப் பிறகு ‘லாரி கிளம்பியது, வளைவு தாண்டுமுன்’ என்று வரும்போது ல, ள, வ, ண் என்று ஓசை இளகிவிடுகிறது. இதை நாங்கள் திட்டமிட்டு எழுதவில்லை, திருத்தும்போது கண்டுபிடித்து, கெடுக்காமல் பார்த்துக்கொண்டோம். தொல்காப்பியம் செய்யுளியலில் 20 வண்ணங்களைச் சொல்லும்போது வல்லிசை வண்ணம், மெல்லிசை வண்ணம் என்று தனித்தனியே பெயர் கொடுத்திருக்கிறது. ஒரு கவிதையின் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இரண்டையும் பங்கிட்டுக் கொடுக்கலாம். மெனக்கெட்டு எழுத்து எண்ண வேண்டாம். உரக்கப் படித்துப் பார்த்தாலே தெரியும்.

இந்த மூன்றாவது அமைப்பையே பழைய கலிப்பாவில் ஒரு முழு வடிவமாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். தரவில் செய்தி தொடங்கும், தாழிசைகள் அதையே மூன்று முறை சொல்லி நெருக்கும், அராகம் குறில்கள் பெருகி விரைந்து ஓடும். அம்போதரங்கத்தில் அடிகள் நாலு சீர், மூன்று சீர், இரண்டு சீர் என்று படிப்படியாகச் சிறுத்து வரும். அப்புறம் தனிச்சொல் ஒன்று தனியாக நிற்கும். சுரிதகம் ஆசிரியமாகவோ வெண்பாவாகவோ வேறு நடையில் வந்து முடித்து வைக்கும். இவ்வளவு பெரிய வடிவம் இன்றைக்கு எழுதுகிறவர்களுக்குத் தேவைப்படாது. ஆனால் சுரிதகத்தின் நடை மாறுவதை மட்டும் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். தணியும் இடம் உச்சம் பேசிய நடையிலேயே பேசினால் அது தணிவாகக் கேட்காது.

இந்த வழியில் தவறு நடப்பதும் பெரும்பாலும் அங்கேதான். தம்பியின் முந்தின திருத்தத்தில் டிரம் வரிக்குப் பிறகு இன்னும் நாலு வரி இருந்தது:

மூடினோம் அம்மாயி, மூடினோம்.
ஆனால் இனி யார் குடிப்பார்
உன் கைபட்ட அந்தத் தண்ணீரை?
நம் கதவைத் திறக்கும் கைகள் யாருடையவை?

இந்த நாலு வரியும் மோசமான வரிகள் இல்லை. ஆனால் இறங்கிக்கொண்டிருந்த அழுத்தம் இரண்டாவது வரியில் மறுபடி ஏறத் தொடங்குகிறது, ஏறியும் முன்பு தொட்ட உயரத்தை எட்டவில்லை. உச்சத்துக்குப் பிறகு வரும் பாதி உயரம், முதல் உச்சத்தையும் சேர்த்துக் கீழே இழுத்துவிடும். அதோடு அங்கே கேள்விகள் இரண்டு வந்துவிட்டன. அம்மாயியின் ஒரே கேள்வி மூன்றில் ஒன்றாகிவிட்டது. நாலையும் எடுத்துவிட்டோம். எடுக்கும்போது அவருக்கு மனசு வரவில்லை. “இதுதானக்கா நான் சொல்ல நெனச்சது” என்றார். சொல்ல நினைத்ததைப் படிப்பவர் தானாகச் சொல்லிக்கொள்ள அந்த டிரம் போதும் என்று நான் சொன்னதை அவர் அன்றைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சில நாள் கழித்துப் போனில் தன் குரலிலேயே பதிவு செய்து, எழுத்தைப் பார்க்காமல் கேட்டிருக்கிறார். அந்த நாலு வரியில் தன் குரல் நடிக்கத் தொடங்குவது தனக்கே கேட்டதாகச் சொன்னார். பதிவு செய்து கேட்பதை எல்லோருக்கும் சொல்வேன். கண்ணுக்குத் தெரியாத தொய்வு காதுக்குத் தெரிந்துவிடும்.

தணியும் வரியில் என்ன இருக்கலாம் என்று கேட்டால், நான் மூன்று விஷயம் பார்ப்பேன். காலம் நகர வேண்டும், அதாவது உச்சத்தையே திரும்பிப் பார்த்து நிற்கக் கூடாது. லாரி கிளம்பிவிட்டது. பொருள் சிறியதாக வேண்டும், வீட்டிலிருந்து டிரம் மூடிக்கு வந்துவிட்டோம். மூன்றாவது, உச்சத்தில் பேசிய அதே ஆள் அதே குணத்தோடு இருக்க வேண்டும். வீடு தன்னுடையது இல்லை என்று தெரிந்த பிறகும் தண்ணீரில் தூசி விழக் கூடாது என்று நினைக்கிறவர் அம்மாயி. இந்த மூன்றும் இல்லாமல், உச்சத்துக்குப் பிறகு ஒரு மலையையோ மேகத்தையோ காட்டி முடிப்பது எனக்கு உடன்பாடில்லை. எங்கள் ஊரில் பனி நினைத்த நேரத்துக்கு வரும் என்பதால், கவிதை முடிக்கத் தெரியாதபோதெல்லாம் பனியை இறக்கிவிடுகிற பழக்கம் இங்கே நிறையப் பேரிடம் இருக்கிறது. அந்தப் பனிக்கும் கவிதையில் அழுத ஆளுக்கும் சம்பந்தமே இருக்காது.

தணிவு எவ்வளவு நீளம் என்பதும் கேள்விதான். இந்தக் கவிதையில் 14 வரி ஏற்றத்துக்கு 3 வரி இறக்கம். நான் பார்த்த வரையில் ஏற்றத்தின் நாலில் ஒரு பங்குக்கு மேல் இறக்கம் போனால் படிப்பவர் உச்சத்தை மறந்துவிடுகிறார். ஒரே வரியில் முடித்தால் அது தணிவாக இல்லாமல் ‘பஞ்ச்’ வரியாகிவிடுகிறது. எட்டு, ஒன்பது வரிக்குள் முடியும் கவிதைக்கு இந்த அமைப்பு சரிவராது. ஏறவும் இடமிருக்காது, இறங்கவும் இடமிருக்காது. அங்கே பாரி மகளிர் வழிதான், உச்சத்தைக் கடைசியில் வைத்துக் குரலை உயர்த்தாமல் சொல்லிவிட வேண்டும்.

ஆக, உங்கள் கையில் ஒரு வரைவு இருந்தால் முதலில் உச்ச வரியைக் கண்டுபிடித்து, அதை மட்டும் தனியாக ஒரு தாளில் எழுதி, கதை தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள். அவருக்கு அது அப்படியே புரிந்து தைத்தால், முதல் வரியில் வைக்கலாம். அப்போதும் ஏதோ ஒன்றைக் கடைசிவரை மறைத்து வைத்திருக்க வேண்டும். புரியவில்லை என்றால் அது பின்னால்தான் வர வேண்டும். பின்னால் என்றால் கடைசியிலா, கடைசிக்கு முன்னாலா என்பதை முடிவு செய்ய இன்னொரு கேள்வி கேட்டுக்கொள்ளலாம். என்ன நடக்கப்போகிறது என்று படிப்பவருக்கு முன்கூட்டியே தெரியுமா? தெரியாது என்றால், கடைசி வரி. தெரியும் என்றால், அதைச் சொல்லிவிட்டு அதற்குப் பிறகு அவர் எதிர்பாராத ஒரு சின்னக் காரியத்தைக் காட்டுங்கள். இறப்பு, பிரிவு, ஊரை விட்டுப் போவது பற்றிய கவிதைகளில் முடிவு பெரும்பாலும் முதல் வரியிலேயே தெரிந்துவிடுவதால், அவற்றுக்கு மூன்றாவது வழியைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

மேடையில் படிக்கப் போகிறீர்கள் என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். கவியரங்கத்தில் கடைசி வரியில் உச்சம் இருந்தால் அரங்கம் அங்கே கை தட்டும், படிப்பவரும் அந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். மூன்றாவது வழியில் கேள்வி வந்ததுமே தட்டிவிடுவார்கள். டிரம் வரி அந்தச் சத்தத்தில் அமுங்கிப் போகும். தம்பி கோத்தகிரியில் ஒரு கூட்டத்தில் படித்தபோது அதுதான் நடந்தது. அடுத்த முறை படிக்கும்போது கேள்வியைக் குரல் தாழ்த்திச் சொல்லி, நிறுத்தாமல் உடனே ‘லாரி கிளம்பியது’ என்று போய்விடச் சொல்லியிருக்கிறேன். அச்சில் அந்தக் கேள்விக்கு மேலும் கீழும் விட்ட வெற்று வரிகள் அப்படியே இருக்கட்டும், மேடையில் மட்டும் கீழே உள்ள இடைவெளியை மூடிவிட வேண்டும்.